கத்தியின் கூர்

தமிழர் இல்லங்களில் காய்கறி நறுக்குவதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த கருவி அரிவாள்மணை. மணையின் ஒரு முனையில் வளைந்த அலகு நிலையாக நிற்கும். நறுக்குபவர் தரையில் அமர்ந்து, மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, இரு கைகளாலும் காயைப் பிடித்து அலகின்மீது செலுத்துவார். அங்கே அசைவது காய்; அசையாமல் நிற்பது இரும்பு. மேடை அமைத்து, நின்றுகொண்டு சமைக்கும் வழக்கம் பரவிய பின்னர், அரிவாள்மணையின் இடத்தைப் பல வீடுகளில் கத்தியும் பலகையும் பெற்றுக்கொண்டன. இங்கே அசைவது இரும்பு. அசையாமல் இருக்க வேண்டியது காய். ஒரு கை இரும்பை ஓட்டுகிறது. மற்றொரு கை அவ்விரும்பு வரும் வழியிலேயே காயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கத்தி தன் வழியினின்று சற்றே விலகினாலும் அது சென்று சேரும் இடம் நம் விரலாகும்.

கத்தி எப்போது வழி விலகும்? கூரான கத்திதான் கையை வெட்டும் என்றும், மழுங்கிய கத்தியால் தீங்கு இல்லை என்றும் பலர் எண்ணுகின்றனர். வீட்டில் சிறுவர் கையில் கொடுப்பதற்கென்றே மழுங்கிய கத்தியைத் தேடி எடுப்பாரும் உண்டு. ஒரு தக்காளிப் பழத்தைக்கொண்டு இதனை ஆராய்ந்து பார்ப்போம். தக்காளியின் தோல் வழவழப்பானது, சற்று உறுதியானதும்கூட. உள்ளிருக்கும் சதையோ மிக மென்மையானது. கூரான கத்தியைத் தோலின்மேல் வைத்து இழுத்தவுடனே அது தோலினுள் இறங்கிவிடுகிறது. இறங்கிய கத்திக்குத் தோலின் இரு விளிம்புகளும் கரைபோல் நின்று வழி காட்டுகின்றன. மழுங்கிய கத்தி அவ்வாறு இறங்குவதில்லை. நாம் அழுத்துகிறோம், தோல் குழிகிறது, மேலும் அழுத்துகிறோம். கையின் முழு விசையும் அதன்மேல் ஏறி நிற்கும் வேளையில், ஒன்று தோல் திடீரெனக் கிழிந்து கத்தி பலகையில் மோதும்; அன்றி, வளைந்த தோலின்மேல் கத்தி வழுக்கிப் பக்கத்தில் பாயும். பக்கத்தில் இருப்பது பழத்தைப் பிடித்திருக்கும் கை. மழுங்கிய வாயாயினும், அத்துணை விசையோடு வரும்போது விரலின் தோல் அதற்குத் தடையாகாது.

இதற்குக் காரணம் நீங்கள் அறிவியல் பாடத்தில் கற்ற ஒன்றுதான். விசையை, அது தாக்கும் பரப்பினால் வகுத்தால் வருவது அழுத்தம். கத்தி அலகின் இரு முகங்களும் சரிந்து வந்து ஒரு கோட்டில் கூடுகின்றன. அக்கோட்டையே கத்தியின் வாய் என்கிறோம். அக்கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குறைந்த விசையே போதும். வாய் தேய்ந்து அகன்றுவிட்டால், அகன்ற அளவிற்கு நாம் விசையைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டிய விசையை நினைத்த இடத்தில் நிறுத்த நம் கையால் இயலுவதில்லை. ஆபத்து வாயில் இல்லை, அவ்விசையில் இருக்கிறது.

நல்ல கத்தியைத் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை அன்று. அன்றாடச் சமையலுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள அலகு போதும். அகலம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் இருப்பின், பிடியைப் பற்றிய விரல்கள் பலகையில் இடிபடா. கத்தியைக் கண்ணுக்கு நேரே நீட்டி, முதுகின் வழியே பார்த்தால் அலகு நேராக உள்ளதா, முறுக்கி உள்ளதா என்பது தெரியும். அலகும் பிடியும் கூடும் இடத்தில் இடைவெளி இருத்தலாகாது. நீரும் உணவுத்துகளும் அங்கே புகுந்து தங்கிவிடும். ஈரக் கையால் பற்றினாலும் பிடி வழுக்கக் கூடாது. பற்கள் வெட்டிய அலகு ரொட்டி அறுக்க நன்று; ஆனால் அதனைச் சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது.

எஃகின் தரத்தைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முற்காலத்துக் கத்திகள் கரி கலந்த எஃகினால் ஆனவை. அவை எளிதில் கூராகும். எளிதில் துருவும் ஏறும். வாழைப்பூவையோ வாழைக்காயையோ அத்தகைய கத்தியால் நறுக்கினால் கறுத்துப் போவதை உங்கள் பாட்டிமார் அறிவர். அக்காய்களில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடிக் கருநிறம் கொள்கிறது. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஷெபீல்டு நகரில் ஹாரி பிரெயர்லி என்பவர் எஃகோடு குரோமியத்தை மிகுதியாகக் கலந்து, துருப்பிடியாத எஃகு ஒன்றை உருவாக்கினார். அவ்வூர் கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஆதலால் புதிய எஃகு விரைவிலேயே சமையற் கத்தியாயிற்று. நாம் எவர்சில்வர் என்று வழங்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. எனினும் பாத்திரத்திற்கு உரிய எவர்சில்வர் வேறு. கத்திக்கு உரியது வேறு. நிக்கல் கலந்த பாத்திர எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. அதனால் செய்த கத்தி எவ்வளவு தீட்டினாலும் விரைவில் மழுங்கும். கடையில் ஒரு சிறு காந்தத்தை அலகின்மேல் வைத்துப் பாருங்கள். பாத்திர எஃகில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது; தோய்த்துக் கடினமாக்கத்தக்க எஃகில் ஒட்டும். ஒட்டியது என்ற அளவிலேயே கத்தி சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. எவர்சில்வர்க் கத்தி ஒன்றில் காந்தம் ஒட்டவில்லையென்றால், அதனை வாங்காமல் விடுவதே நலம்.

எத்தகைய உயர்ந்த கத்தியும் நாளடைவில் மழுங்கும். பலகையில் படும்தோறும் அதன் மெல்லிய வாய் சிறிது தேய்கிறது. சிற்சில இடங்களில் ஒரு பக்கமாக மடிந்தும் போகிறது. மழுங்கியதை அறிவதற்கு விரலை வாயின்மேல் ஓட்டிப் பார்த்தல் தவறு. கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, விளக்கொளியில் முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குப் புலப்படாது. ஒளியைத் திருப்பி வீசும் அளவுக்கு அதில் பரப்பு இல்லை. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாகவோ புள்ளியாகவோ மின்னும்.

இனி, அவ்வாறு வாய் முழுவதும் மின்னுகின்ற ஒரு கத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் அலகு 18 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உடையது. தீட்டுவதற்கு ஒரு நீர்க்கல் வேண்டும். இக்கற்களின்மேல் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் சிறிதாயின் துகள் பருமையானது, பெரிதாயின் நுண்மையானது. 400 என்பது வாய் உடைந்த கத்திக்கு உரியது. வீட்டுக் கத்திக்கு 1000 என்னும் எண்ணுடைய கல்லே பெரும்பாலும் போதும். கல்லை நீரில் மூழ்க வைத்தால் குமிழிகள் எழும். அவை நின்றதும் எடுத்து, நனைத்துப் பிழிந்த துணியின்மேல் வைக்க வேண்டும். துணி இல்லையேல் கல் நகரும். கல் நகர்ந்தால் கையும் நகரும். முதன்முறை தீட்டுவோர் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நன்று.

தீட்டுவதில் அருமையானது கோணம். அலகின் ஒரு முகம் கல்லோடு ஏறத்தாழ 20 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். இதற்குக் கோணமானி தேவையில்லை. ஒரு தாளின் மூலை 90 பாகை. அதனைச் சரிபாதியாக மடித்தால் 45 பாகை. மறுபடியும் மடித்தால் இருபத்திரண்டரை. அம்மடிப்பைக் கல்லின்மேல் நிறுத்தி, அதைவிடச் சற்றுத் தாழ்வாகக் கத்தியைச் சாய்த்தால் வேண்டிய கோணம் கிடைத்துவிடும். நம் கத்தி 4 சென்டிமீட்டர் அகலமுடையதாதலின், அப்போது அதன் முதுகு கல்லுக்கு மேல் ஏறக்குறைய 1.4 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். கோணம் ஓரிரு பாகை கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை. முதலில் கொண்ட கோணத்தை இறுதிவரை மாற்றாதிருப்பதே முக்கியம். கை ஆடி, கோணம் கூடுவதும் குறைவதுமாக இருந்தால் வாய் உருண்டு போகும். மணிக்கணக்கில் தேய்த்தாலும் கூர் வாராது. புதிதாகப் பழகுவோர் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

வலக் கையால் பிடியைப் பற்றி, இடக் கையின் இரண்டு மூன்று விரல்களை அலகின் முகத்தின்மேல், வாய்க்கு அப்பாற்படாமல் வைத்து, கத்தியைக் கல்லின் நீளத்திற்கு முன்னும் பின்னும் செலுத்துங்கள். மெல்லிய அழுத்தமே போதும். கல்லின்மேல் சேறுபோல் ஒரு குழம்பு தோன்றும். அதனைக் கழுவிவிட வேண்டா. எஃகைத் தேய்ப்பதில் அதற்கும் பங்குண்டு. கல் உலரும்போது மட்டும் சில துளி நீர் தெளித்துக்கொள்ளலாம். அலகின் அடிப்பகுதியில் இருபது முறை, நடுவில் இருபது முறை, நுனியில் இருபது முறை என்று ஒரு முகத்தை மட்டும் தீட்டியபின் நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

எதைச் சோதிப்பது? தீட்டப்பட்ட முகத்தின் எஃகு தேய்ந்து வாயை எட்டியதும், மிக நுண்ணிய உலோக விளிம்பு ஒன்று மறுபக்கமாகச் சுருண்டு எழும். இதனைப் பிசிர் என்று சொல்லலாம். தீட்டாத முகத்தில் பெருவிரலை வைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு அப்பால் விலகிச் செல்லுமாறு மெல்ல இழுத்தால் அது சொரசொரப்பாகத் தட்டுப்படும். வாயின் நீளத்திற்கு ஒருபோதும் விரலை ஓட்டலாகாது. பிசிர் தோன்றாத இடத்தில் தீட்டுதல் இன்னும் முடியவில்லை என்று பொருள். நம் கத்தியில் நடுவில் மட்டும் பிசிர் எழுந்து, நுனியில் எழவில்லை என்று கொள்வோம். அலகு நுனியில் வளைவதால் அங்கே வாய் கல்லைத் தொடவில்லை. பிடியைச் சற்றே உயர்த்தி நுனியை மட்டும் மேலும் பத்து முறை தீட்டினால் அங்கும் பிசிர் வந்துவிடும். அடியிலிருந்து நுனிவரை பிசிர் தொடர்ந்த பின்னரே கத்தியைத் திருப்ப வேண்டும். மறுமுகத்தையும் அவ்வாறே, பிசிர் இப்பக்கம் திரும்பும் வரை தீட்ட வேண்டும்.

பிசிரோடு நிற்கும் கத்தி கூராகத் தோன்றும். ஆனால் இரண்டொரு நாளில் மழுங்கிவிடும். அப்பிசிர் உடைந்து விழுவதே காரணம். ஆகவே அதனை நீக்குவதும் தீட்டுதலின் பகுதியே. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒரு முகத்தில் ஐந்து முறை, மறுமுகத்தில் ஐந்து முறை, பின்பு ஒன்றுக்கு ஒன்றாகப் பத்து முறை, கத்தியின் எடை மட்டுமே கல்லின்மேல் படும்படி செலுத்துங்கள். இறுதியாகச் செய்தித்தாளைக் கல்லின்மேல் விரித்து, முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே வர, இரு முகங்களையும் சில முறை இழுத்தால் எஞ்சிய பிசிரும் அகலும். கழுவித் துடைத்த பின்னர் ஒரு தாளைக் கையில் தொங்கவிட்டு அதன் விளிம்பில் கத்தியை ஓட்டுங்கள். தடையின்றி வெட்டிச் சென்றால் நன்று. ஓரிடத்தில் சிக்கிக் கிழிக்குமாயின், வாயின் அவ்விடத்தில் பிசிரோ மழுக்கமோ எஞ்சியிருக்கிறது. பின்பு தக்காளியை எடுத்துக்கொள்ளலாம். அழுத்தாமல் இழுத்த அளவிலேயே தோல் விலக வேண்டும்.

இவ்வாறு தீட்டிய கத்தி, நாள்தோறும் நறுக்கும் ஒரு வீட்டில் சில மாதங்கள் வரை கல்லை வேண்டாது. இடையில் கூர் சற்றுத் தளர்ந்தால் உருக்குக் கோலில் இரு பக்கமும் நாலைந்து முறை இலேசாக உரசினால் மடிந்த வாய் நிமிரும். கோல் இல்லாதவர் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகு பூசாத வளையத்தில் உரசலாம். அம்மியிலும் கருங்கற்படியிலும் தேய்ப்பது வேறு வகை. அப்பரு மணிகள் வாயைக் கரடாக்குகின்றன. அன்று வெட்டும், மறுநாள் வெட்டாது.

தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதைப்பற்றியும் கூற வேண்டும். வாய் உடைந்த கத்திக்கும் அரிவாளுக்கும் அவர் தொழில் இன்றியமையாதது. ஆனால் விரைந்து சுழலும் உலர்ந்த சக்கரத்தில் வாய் கடும் சூடேறுகிறது. எஃகு ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டினால் நீலநிறம் கொள்ளும். வாயில் நீலம் கண்டால், அங்கே எஃகின் கடினம் போய்விட்டது என்று அறியலாம். அப்பகுதி தேய்ந்து ஒழியும்வரை கூர் நிலைக்காது. சக்கரத்தில் சிறிது நேரமே படுமாறு வைத்து, அடிக்கடி நீரில் தோய்த்து எடுக்கும்படி கேட்டுக்கொள்வதில் தவறில்லை. கைதேர்ந்தவர் கேளாமலே அவ்வாறு செய்வார்.

இத்துணை உழைப்பையும் ஒரே நாளில் வீணாக்கக்கூடியது பலகை. கண்ணாடிப் பலகை பார்க்க அழகானது, கழுவவும் எளிது. சமையல் மேடையின் கருங்கல்லும் எவர்சில்வர்த் தட்டும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. ஆனால் இவற்றில் எதுவும் கத்தியின் வாய்க்கு இடம் கொடுப்பதில்லை. பலகை விட்டுக்கொடுக்காவிடில் வாய்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். மரமோ, அதனைப்போல் சிறிது இளகும் பிளாஸ்டிக்கோ ஏற்றது. நம் ஊர் இறைச்சிக் கடைகளில் புளியமரக் கட்டையையே விரும்புவர். அது கடினமானது, எனினும் சிம்பு சிம்பாகப் பிளவுபடுவதில்லை.

மரத்தில் கிருமிகள் தங்கும் என்றும் பிளாஸ்டிக்கே தூயது என்றும் பலகாலம் நம்பப்பட்டது. 1990-களில் அமெரிக்க நாட்டு அறிஞர் டீன் கிளைவரும் அவர் குழுவினரும் இதனைச் சோதித்தனர். மரத்தின்மேல் விட்ட நோய்க்கிருமிகள் உள்ளே உறிஞ்சப்பட்டு, மேற்பரப்பில் பெருகாமல் மடியக் கண்டனர். கத்தித் தழும்புகள் நிறைந்த பழைய பிளாஸ்டிக் பலகையையோ கையால் கழுவித் தூய்மை செய்வது கடினமாக இருந்தது. ஆகவே எப்பொருள் என்பதைவிட, ஆழ்ந்த தழும்பு விழுந்ததா, கழுவியபின் நன்கு உலர்ந்ததா என்பதையே நோக்க வேண்டும். பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும் ஒரு பலகை, சமைக்காமல் உண்ணும் வெள்ளரிக்கும் வெங்காயத்திற்கும் மற்றொன்று என்று பிரித்துக்கொள்வது நலம். ஒரே பலகைதான் உண்டென்றால், காய்களை முதலில் நறுக்கி முடித்துவிட்டு இறைச்சியைப் பின்னர் எடுக்க வேண்டும். பின்னர்ச் சோப்பும் வெந்நீரும் இட்டுத் தேய்த்துக் கழுவி, இரு பக்கமும் காற்றுப்படுமாறு நிமிர்த்தி வைக்க வேண்டும்.

பலகை மேடையில் வழுக்குமாயின் கூரான கத்தியும் வழி விலகும். கல்லுக்குச் செய்ததையே இதற்கும் செய்யலாம்: நனைத்துப் பிழிந்த துணி ஒன்றைப் பலகையின் அடியில் விரித்தால் அது அசையாது. காயும் அசையாதிருக்க வேண்டும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் உருளும் இயல்பின. அவற்றை முதலில் இரண்டாக வெட்டி, வெட்டிய தட்டையான பக்கம் பலகையில் படியுமாறு வைத்துக்கொண்டால் பிறகு உருள வழியில்லை. பிடிக்கும் கையின் விரல்நுனிகளை உள்ளே மடக்கி, பெருவிரலை அவற்றின் பின்னே வைத்துக்கொள்ளுங்கள். அலகின் பக்கம் விரல்கணுவைத் தொட்டுக்கொண்டே ஏறி இறங்கும். கணுவைவிட உயரமாகக் கத்தியைத் தூக்காதவரை அதன் வாய் விரலைக் காணாது. முதலில் இது வேகத்தைக் குறைப்பதுபோல் தோன்றும். சில நாட்களில் கண்ணால் பாராமலே துண்டின் பருமனை அக்கணுவே அளந்து கொடுக்கும்.

வேலை முடிந்ததும் கத்தியைச் சோப்பு நீர் நிறைந்த தொட்டியில் போட்டுவிடுதல் கூடாது. நுரைக்கு அடியில் அது இருப்பதை அறியாது கைவிடுபவர் வேறொருவராக இருப்பார். நறுக்கிய அக்கணமே தனியாகக் கழுவி, முதுகுப் பக்கமிருந்து துணியால் துடைத்து உலர்த்த வேண்டும்; புளியும் எலுமிச்சையும் பட்டிருந்தால் தாமதம் சிறிதும் ஆகாது. இழுப்பறையில் கரண்டிகளோடு கலந்து கிடந்தால் ஒன்றோடொன்று மோதி வாய் மடியும். தடித்த அட்டையை மடித்து ஒட்டி உறை ஒன்று செய்துகொண்டால் அலகுக்கும் காவல், தேடும் கைக்கும் காவல். கத்தி கை தவறி விழுமானால், பிடிக்க முயலாமல் காலைப் பின்னுக்கு இழுத்து விலகி நில்லுங்கள். விழுந்த கத்தியின் நுனி வளைந்தால் கல்லில் அரைமணி நேரத்தில் சரி செய்துவிடலாம்.